முதல் அடியைப் பார்த்தவர்கள்

"ரத்தம், பல்லு, மண்டைன்னு வரும்மா. நடுவுல எழுந்து ஓடிட மாட்டியே?"

ஸ்ரீரங்கத்திலிருந்து விசாரணை அதிகாரியாக வந்த வக்கீல் முதல் நாள் என்னிடம் கேட்டது இது. எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், கைநாட்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் தேறி, துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறைக் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆகியிருந்தேன். "நீங்க சொல்லுங்க சார், நான் எழுதறேன்" என்றேன்.

விசாரணை ஒரு ஃபிட்டர் மேல்; சாட்சிகள் சொல்வதை எழுதி எடுப்பது என் வேலை. ஃபோர்மனை ஸ்பேனரால் அடித்துத் தாடையை உடைத்துவிட்டார் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள்.

ஃபோர்மன் கை நீட்டுவது அங்கே புதிதல்ல. விரல் முட்டியால் மண்டையில் குட்டுவார். போகிற போக்கில் முழங்காலுக்குப் பின்னால் உதைப்பார். விழுந்தவன் எழுந்து துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பான். அப்படிப் பழகிய இடம்.

அன்று நடந்ததை என் ஜன்னலிலிருந்து நானும் பார்த்தேன். பட்டறை அங்கிருந்து இருபது அடி. சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஃபிட்டர் குனிந்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். ஃபோர்மன் பின்னால் வந்து, கையிலிருந்த இரும்புப் பட்டையை ஓங்கிக் கழுத்தில் இறக்கினார். ஈர மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். இன்னொரு அடி. ஃபிட்டரின் நெற்றி மெஷினில் மோதியது. அதற்கப்புறம்தான் அவர் ஸ்பேனரோடு திரும்பினார்.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். அத்தனை பேர் நின்ற இடம், அவர்களில் யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். என் வேலை எழுதுவது. அதைச் சரியாகச் செய்தால் உண்மை தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

வரவில்லை. தாடையில் கட்டோடு ஃபோர்மன் முதல் சாட்சி. அவரையும் சேர்த்து மூன்று நாளில் ஐந்து பேர் சொன்னார்கள். ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள், ஃபிட்டர் எதிரே உட்கார்ந்திருப்பார், மேனேஜர் நிர்வாகத் தரப்பில் கேள்வி கேட்பார். சொன்னதை நான் வாசித்துக் காட்டியதும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. ஃபோர்மன் தவிர்த்த நால்வரும் சொன்னது ஒன்றுதான்: சத்தம் கேட்டுத் திரும்பினேன், ஃபிட்டர் அடித்துக்கொண்டிருந்தார். ஃபோர்மன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகிறவன் முகத்தையும் வெளியே வருகிறவன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் வக்கீல் ஃபிட்டரிடம், "உன் தரப்புல சாட்சி யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"அவர் அடிச்சார், நான் அடிச்சேன். எனக்காக யாருங்க வருவா?"

நான் நோட்டை மூடினேன். "நான் பார்த்தேன் சார்."

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு நாளா எழுதிண்டிருக்கே. இப்ப வாயைத் திறக்கறியா? எழுதறவ சாட்சி ஆகப்படாது. சாட்சி ஆனா எழுதப்படாது. எழுந்திரு அங்கேருந்து."

எழுந்தேன். வேறொரு குமாஸ்தாவை வரவழைத்து, நடந்ததை அப்படியே குறிப்பில் ஏற்றச் சொன்னார். "இந்தப் பொண்ணைச் சாட்சியாக் கூப்பிடறியா?" என்று ஃபிட்டரைக் கேட்டார். அவர் என்னை நம்ப முடியாமல் பார்த்துத் தலையசைத்தார்.

பார்த்ததைச் சொன்னேன். பிறகு மேனேஜர் எழுந்தார்.

"ஃபோர்மன் கீழ விழுந்ததையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். ஃபிட்டரோட முதல் அடி அவர் தோள்ல. விழுந்துட்டார்."

"விழுந்தப்புறம்?"

ஃபிட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"மார்ல முழங்காலை ஊனி, தாடையில இன்னொரு அடி. பல்லு தெறிச்சு என் ஜன்னலுக்குக் கீழ வந்து விழுந்தது."

குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார்.

வாசலில் காத்திருந்த ஃபிட்டரின் மனைவி, நான் சொன்னது காதில் விழுந்ததும் என் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்தாள். தையல் பிரிந்தது. "காப்பாத்த வந்தியாடி, கழுத்தறுக்க வந்தியா? படிச்ச திமிரா?" என் கன்னத்தில் அவள் நகம் பதிந்தது. ஃபிட்டர்தான் விலக்கிவிட்டார்.

மறுநாள் மார்க்கெட்டில் ஃபோர்மனின் மச்சான் இரண்டு பேரோடு வந்து அப்பாவைப் பிடித்திருக்கிறான். மூட்டை முதுகில் இருக்கும்போதே காலைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். விழுந்தவர் விலாவில் உதை. மற்ற சுமைக்காரர்கள் கொக்கியோடு ஓடி வந்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். உறையூர் வீட்டுக்குக் கைவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு கண் மூடிப் போயிருந்தது.

"என்னாத்த சொன்ன அங்க?" என்று கேட்டார்.

"பார்த்ததைச் சொன்னேன்ப்பா."

"ரெண்டு பக்கமும் அடி வாங்குற மாதிரியா சொல்லுவாங்க?" சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஃபிட்டர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பதிவுத் தபாலில் வந்த காகிதங்கள். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "படிச்சுக் காட்டுங்கம்மா" என்றார். மனைவி வாசற்படியிலேயே நின்றாள்.

மேலே இருந்தது வேலைநீக்க உத்தரவு. கீழே வக்கீலின் அறிக்கை. உத்தரவை வாசித்ததும் ஃபிட்டர் சுவரில் தலையை மோதினார், ஒரு முறை, பலமாக. சுண்ணாம்பு உதிர்ந்தது. "மீதியையும் படிம்மா" என்றார் அப்பா பாயில் படுத்தபடி.

படித்தேன். கோபமோ இரக்கமோ எந்த வரியிலும் இல்லை.

"இரண்டு முதல் ஐந்து வரையிலான சாட்சிகள் சத்தம் கேட்டுத் திரும்பியதாகச் சொல்கின்றனர். அந்தச் சத்தம் எதனால் எழுந்தது என்பதை அவர்களில் எவரும் பார்க்கவில்லை. முதல் அடியைப் பற்றிப் பேசுவோர் முதல் சாட்சியான ஃபோர்மன், தொழிலாளி, ஆறாம் சாட்சி ஆகிய மூவர் மட்டுமே. தொழிலாளியின் பின்கழுத்தில் இரண்டு நீளவாட்டுக் காயங்கள் இருந்ததை அன்றைய முதலுதவிப் பதிவேடு காட்டுகிறது. ஃபோர்மனின் வாக்குமூலம் அவற்றை விளக்கவில்லை. ஆறாம் சாட்சி, தன்னை அழைத்த தரப்புக்குப் பாதகமானதையும் மறைக்காமல் கூறியுள்ளார். ஆகவே அவர் கூற்றை ஏற்கிறேன்."

அதன் கீழே முடிவுகள். முதலில் தாக்கியவர் ஃபோர்மன். விழுந்து கிடந்தவரை மீண்டும் அடித்தது தற்காப்பு ஆகாது. எனவே தாக்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டு நிரூபணமாகிறது. ஆனால் கடுமையான தூண்டுதல் இருந்தது. தண்டனையைத் தீர்மானிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

"அப்படின்னா?" என்றார் ஃபிட்டர். நெற்றியில் ரத்தம் கசிந்திருந்தது.

"நீங்க அடிச்சது உண்மைன்னு எழுதியிருக்கு. அவர் முதல்ல அடிச்சதும் உண்மைன்னு எழுதியிருக்கு. ரெண்டாவதை உத்தரவுல விட்டுட்டாங்க."

மனைவி உள்ளே வந்தாள். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். எழுத்துத் தெரியாதவள், நான் காட்டிய வரியின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கம்பெனியில் என் டைப் மெஷினை வேறு அறைக்குத் தூக்கிவிட்டார்கள். வெறும் மேஜை முன்னால் எட்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். தினமும் ஃபோர்மன் என் ஜன்னல் பக்கம் வந்து, இரும்புப் பட்டையால் கம்பியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

தொழிற்சங்கம் வேலைநீக்கத்தை எதிர்த்து லேபர் ஆபீசருக்கு எழுதியிருக்கிறது. சமரசம் ஆகாவிட்டால் லேபர் கோர்ட். அங்கே அறிக்கையை மட்டும் நீட்டினால் போதாது, பார்த்தவர் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்றார்கள். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுச் சங்க ஆபீசுக்குப் போய், அவர்களின் சாட்சிப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதி, முழுக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தேன்.