நூறு எண்பத்தெட்டான ஆனி மாதம்

கான்டீனில் யாராவது பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது. ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். பி.எஃப். எவ்வளவு வரும், எந்த பேங்கில் எவ்வளவு வட்டி என்று ஷாப் ஃப்ளோர் ஆட்கள் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறைப்பானேன், ரொம்பப் பெருமையாகவே இருந்தது.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். வேப்பனப்பள்ளி பக்கத்து ஊர். கொரோனா வருஷத்தில் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்ததும் எழுதிக் கொடுத்துவிட்டார். வந்த பணத்தில் இருபது லட்சத்தை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டார். அப்போது பேங்க் டெபாசிட் வட்டி ஐந்தரைக்கும் கீழே கிடந்தது.

நான் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் காட்டினேன். அரசாங்கத்தின் கடன் பத்திரம், முப்பது வருஷ பாண்டு. வட்டி ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்கவுன்டில் வந்து விழும். கொடுப்பது அரசாங்கம், ஏமாற்றாது. பேங்க்காரன் கொடுப்பதைவிட ஒரு சதவீதம் அதிகம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நடுவுல வேணும்னா எடுத்துக்கலாமுங்களா சார்?"

"எப்ப வேணும்னாலும் வித்துக்கலாம்ணா. மார்க்கெட்ல ஓடுது."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என்ன விலைக்கு விற்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியாததும் இல்லை. பி.காம். படித்தபோது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். மேதாவி மாதிரி பேசிக்கொண்டிருந்த ஜோரில் அது வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். நூறு ரூபாய் பாண்டு இருபதாயிரம் எண்ணம், அவர் டீமேட் கணக்கில் ஏறியது. முதல் வட்டி வந்த அன்றைக்கு போன் செய்து, "வந்துடுச்சுங்க சார், ஒரு நாள்கூட தள்ளிப்போவல" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் போன் செய்தார்.

அவருக்கும் அவர் அண்ணனுக்கும் சேர்ந்து நாலு ஏக்கர் மாந்தோப்பு. ஆளுக்குப் பாதி. போர்வெல் அண்ணன் பாதியில் இருந்தது. இவர் ஓய்வு பெற்று வந்ததும் தன் பாதியில் வயதான மரங்களை எடுத்துவிட்டு நூற்றிருபது ஒட்டுச் செடி வைத்தார். அண்ணன் தண்ணீர் விட்டதில் செடிகள் இடுப்பளவுக்கு வந்துவிட்டன. அந்த நேரத்தில்தான் அண்ணன், மகனோடு பெங்களூருக்கே போய்விடுவதாகவும், தன் பாதியை விற்கப் போவதாகவும் சொன்னார். பெங்களூர் பார்ட்டி ஒருவர் இருபது லட்சத்துக்குத் தயாராக இருந்தார். தம்பி என்பதால் முதல் கேள்வி இவருக்கு. இருபதை முழுசாக, ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் கிரயம் வைக்க மாட்டார்கள், ஆவணி வரைக்கும் பார்ட்டி காத்திருக்க மாட்டார். ஆகவே ஆனி முடிவதற்குள்.

இவர் யோசிக்கவே இல்லை. பணம் கவர்ன்மென்டில் பத்திரமாக இருக்கிறது, எப்போது கேட்டாலும் வரும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு எனக்கு போன் செய்தார். அது சித்திரை இரண்டாவது வாரம். நான் ஆப்பைத் திறந்து பார்த்தேன். நூறு ரூபாய் பாண்டுக்குத் தொண்ணூற்று மூன்று என்று காட்டியது. கொஞ்ச நாளாகவே விலை இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வட்டிதான் ஒழுங்காக வருகிறதே, விலையைச் சொல்லி மனுஷனை எதற்கு பயமுறுத்த வேண்டும் என்று விட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நேரிலேயே போனேன். புதுச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னேன். இப்போது வெளியில் வட்டி ஏறிவிட்டது. அதே அரசாங்கம் இன்றைக்குப் புதிதாக விடும் பாண்டில் நூறு போட்டால் ஏழேகாலுக்கு மேல் கிடைக்கிறது. உங்களுடையது ஆறே முக்காலைத் தொடாது, கடைசி வரை ஏறவும் ஏறாது. அதை நூறு கொடுத்து யார் வாங்குவான்? விலையைக் குறைத்தால்தான் வாங்குகிறவனுக்குப் புதுசில் கிடைக்கும் லாபம் இதிலும் கிடைக்கும்.

அவர் தன் பாஷையில் அதைத் திருப்பிச் சொன்னார். ஒரு தோப்பை வருஷத்துக்கு அறுபத்தேழாயிரம் என்று முப்பது வருஷத்துக்குக் குத்தகை எழுதியாகிவிட்டது. எழுதி முடித்ததும் பக்கத்துத் தோப்பெல்லாம் எழுபத்தைந்துக்குப் போகிறது. இந்தக் குத்தகைப் பணத்தை வாங்கும் உரிமையை வேறொருவன் தலையில் கட்டப் போனால் அவன் அடித்துத்தானே கேட்பான்? ஒரு வருஷம் பாக்கி என்றால் கொஞ்சமாக அடிப்பான்.

"எனக்கு இன்னும் இருவத்தெட்டு வருசம் பாக்கி இருக்குது. அத்தன வருசத்து நட்டத்தையும் இப்பவே கழிச்சிக்கிட்டுத்தான் குடுப்பான். அப்படித்தானுங்களே சார்?"

அப்படியேதான். நான் பரீட்சையில் எழுதியதைவிடத் தெளிவாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. விற்காமல் வைத்திருந்தால் 2050இல் முழு நூறும் திரும்பி வரும், ஒரு பைசா குறையாது என்று சமாதானம் சொன்னேன்.

"அப்ப நான் இருக்கணுமே" என்று சொல்லி, குனிந்து ஒரு செடியின் அடியில் களை பிடுங்கினார்.

அன்றைக்கே விற்றிருந்தால் பதினெட்டு லட்சத்து அறுபதாயிரம். வீட்டு நகையை வைத்தால் ஒரு லட்சம் வரும், மீதி நாற்பதாயிரத்தைப் புரட்டிவிடலாம் என்று அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அப்போதே தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்திருக்க வேண்டும். நாக்கில் சனி. ஆனிக்குத்தான் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, கொஞ்சம் பொறுங்கள், வட்டி திரும்ப இறங்கும், விலை தானாக மேலே வரும் என்றேன். நான் தந்த யோசனையில் அவருக்கு ஒன்றரை லட்சம் நஷ்டம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மற்றபடி வட்டி இறங்கும் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், சரிங்க என்றார்.

வைகாசி பிறப்பதற்குள்ளாகவே, யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில், ரிசர்வ் பேங்க் வட்டியை ஏற்றியது. அடுத்த மாதம் மறுபடியும் ஏற்றியது. தொண்ணூற்று மூன்று தொண்ணூற்றொன்று ஆனது, தொண்ணூறுக்கும் கீழே போனது. ஆபீஸில் லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அவர் வாரம் ஒரு தடவை போன் செய்து, "என்னங்க சார், ஏறுச்சுங்களா?" என்று கேட்பார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆனி மூன்றாவது வாரம் விற்றோம். விற்பதும் லேசாக நடக்கவில்லை. மார்க்கெட்டில் ஓடுகிறது என்று நான் வீரமாகச் சொன்னேனே, அங்கே எங்கள் மாதிரி சின்ன ஆட்களின் பாண்டை வாங்க ஆளே இல்லை. கேட்பவனும் சொற்பமாகக் கேட்டான், பார்த்த விலைக்கும் குறைத்துக் கேட்டான். மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டதில் நூறுக்கு எண்பத்தெட்டு கிடைத்தது. மொத்தம் பதினேழு லட்சத்து அறுபதாயிரம். நகை வைத்த ஒரு லட்சத்தையும் சேர்த்தால் பதினெட்டு அறுபது. எப்படியும் புரட்டிவிடலாம் என்று நினைத்த நாற்பதாயிரம் இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரமாக நின்றது.

பணம் வந்த அன்று சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அவரும் மகனுக்கு வீடு பிடித்து அட்வான்ஸ் கொடுத்திருந்தார், அவருக்கும் நெருக்கடி. ஃபிட்டர் இரண்டு மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தாயிற்று. என்னை அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கியாச்சும் ஒன்னு நாப்பது கெடைச்சா முடிஞ்சிரும்" என்று பொதுவாகச் சொன்னார்.

மாடி கட்டுவதற்கென்று என் கணக்கில் இரண்டு லட்சம் இருந்தது. பாண்டு விலை பார்த்த அதே போனில் இருந்தது. நான்கு தடவை விரலை வைத்தால் அவர் கணக்குக்குப் போயிருக்கும். அவர் திருப்பித் தராமல் போகிற ஆளும் கிடையாது. கொத்தனாருக்கு நாள் சொல்லிவிட்டோமே, வீட்டில் என்ன பதில் சொல்வது என்று நினைத்தேன். அதைவிட, கொடுத்துவிட்டால் தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "கஷ்டம்தான்ணா" என்று சொல்லிவிட்டு டீக்காசை நான் கொடுத்தேன்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் அண்ணன் பாதி பெங்களூர் பார்ட்டி பெயருக்குக் கிரயம் ஆனது.

போன வருஷம் வட்டி இறங்கியது. அதே பாண்டு தொண்ணூற்றெட்டுக்கு வந்திருந்ததை ஒரு நாள் ஆபீஸில் பார்த்தேன். அந்த வார ஞாயிறே வேப்பனப்பள்ளிக்குப் போனேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. தோப்புக்கு நடுவில் ஆள் உயரத்துக்குக் காம்பவுண்டுச் சுவர் நின்றது. போர்வெல் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நூற்றிருபது செடியில் முப்பதோ நாற்பதோதான் பச்சையாக இருந்தன. அவர் டேங்கரில் வாங்கிய தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் பாதியில் இரண்டு இடத்தில் போர் போட்டுப் பார்த்தாராம், வெறும் புழுதிதான் வந்ததாம்.

விலை திரும்ப ஏறிவிட்டதை நானாகச் சொல்லவில்லை. அவரே கேட்டார், சொன்னேன். "அப்ப நீங்க சொன்னது சரிதானுங்க, திரும்ப வந்துடுச்சு" என்றார். குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே என்னைப் பாராட்டினார். கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தார். ஹேண்டில் பாரில் கை வைத்துக்கொண்டு, நெடுநாளாக நினைத்து வைத்திருந்தவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கி டீக்கடையில... உங்ககிட்ட அந்த ஒன்னு நாப்பது இருந்துச்சுங்களா சார்?"

"இல்லண்ணா" என்றேன்.

"அதான். இருந்திருந்தா குடுத்திருப்பீங்க. வீட்ல அவகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

இப்போது எங்கள் வீட்டில் மாடி கட்டியாகிவிட்டது. நான் அதிகம் மேலே போவதில்லை.