தாளின் கடைசி வரி

பத்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வராது. எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் விசைத்தறிக்காரர்கள் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். மேற்குத் தெருவுக்கு மின்வெட்டு தினமும் காலை பத்து மணிக்கு. தறி நன்றாக ஓடும் நேரம். அதை மாற்றித் தரும்படி மின் அலுவலகப் பொறியாளரிடம் கேட்க ஒரு கூட்டம். செயலாளர் அண்ணாச்சி பாலிடெக்னிக்கிலிருந்து ஓவர்ஹெட் புரொஜெக்டர் இரவல் வாங்கினார். மின்வெட்டால் தறி நின்ற கணக்கை நான் வீடு வீடாகப் போய் எடுத்திருந்தேன்; அதையும் மற்ற விவரங்களையும் கண்ணாடி போன்ற மூன்று தாள்களில் எழுதுவது என் வேலை.

ஒவ்வொரு தாளின் அடியிலும், விவரம் எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினேன்.

"யாரும்மா இத வாசிக்கப் போறா? எறும்பு ஊருத மாதிரி இருக்கு."

"கேட்டா சொல்லணும்லா அண்ணாச்சி."

"அப்ப ஊர் முழுக்க எடுத்த கணக்குன்னு போடு. எடுப்பா இருக்கும்."

"நான் போனது மேற்குத் தெரு மட்டுந்தான்."

சிரித்துவிட்டு, "சரி, உள்ளதையே போடு" என்றார்.

முதல் தாளில் எழுதிய 'ஆதாரம்: சங்கக் கணக்கெடுப்பு, மேற்குத் தெரு மட்டும்' என்ற வரியின் மேல் அடுத்த தாள்களை வைத்து அப்படியே படியெடுத்தேன். எல்லாம் ஒரே நேர்கோட்டில் அழகாக வந்தன.

கூட்டத்தில் மூன்றாவது தாள் சுவரில் விழுந்தது. தெருவாரியாக மின்வெட்டு நேரம். பொறியாளர் எழுந்து கிட்டே போய் அடிவரியை வாசித்தார்.

"இது எங்க ஆபீஸ் பதிவேட்டுல உள்ளதுல்லா? நீங்க எடுத்ததுன்னு போட்டிருக்கீங்க. இதே இப்படின்னா மத்த ரெண்டையும் எப்படி நம்ப?"

பின்னாலிருந்து ஒரு தறிக்காரர், "போச்சு வே, இனி பத்து மணிக்குத் தூங்க வேண்டியதுதான்" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் அனுமதி வாங்கித் தந்துதான் அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். எழுந்து நின்றேன்.

"தப்பு என்மேலதான் சார். மேல உள்ளது உங்க பதிவேடு. கீழ உள்ள வரியை மட்டும் மத்த தாளப் பாத்து எழுதிட்டேன்."

"அவ கை தவறிருச்சு. நானும் பாக்காம விட்டுட்டேன்" என்றார் அண்ணாச்சி.

ஈரத்துணியால் அந்த வரியை மட்டும் துடைத்தேன். என் விரல்கள் சுவரில் பெரிதாகத் தெரிந்தன. 'ஆதாரம்: மின் அலுவலகப் பதிவேடு' என்று எழுதினேன்.

"எந்த மாசத்துப் பதிவேடுன்னும் போடும்மா," என்றார் பொறியாளர். போட்டேன். அவர் தன் பதிவேட்டை விரித்து, ஒவ்வொரு தெருவாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. பிறகு முதல் தாளைத் திரும்பப் போடச் சொன்னார். 'மேற்குத் தெரு மட்டும்' என்பதை வாசித்துவிட்டு, "போகாத தெருவைச் சேக்கலை. சரி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திருவோம்" என்றார்.

என்னை ஒரு சொல்கூடத் திட்டாத அண்ணாச்சிக்கும், திருத்த இடம் கொடுத்த அந்தப் பொறியாளருக்கும் இன்றும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

மறுநாள் மேற்குத் தெருவில் ஒரு மணிக்குக் கரண்டு போயிற்று.