ஒரு சாண் பாவு

காஞ்சிபுரத்தில் முப்பது வருஷம் பட்டு நெய்தும், கங்கையம்மாள் தனக்கென்று ஒரு பட்டுக் கட்டியதில்லை. 1971இல் வேலூரில் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த மகள் செண்பகம், முதல் சம்பளத்தை அம்மாவின் புடவைக்கென்றே நினைத்திருந்தாள். அதற்குள் அம்மாவின் கடிதம் வந்துவிட்டது.

"பொடவையை அறுக்கும்போது தறியில ஒரு சாண் பாவு நூலை அறுக்காம உட்டு வெப்போம். அதுலதான் புதுப் பாவைப் பிணைக்க முடியும். சம்பளம் வாங்கின அன்னிக்கே கொஞ்சம் போஸ்டாபீசுல போட்டுட்டு, மிச்சத்துல செலவு பண்ணும்மா. யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காதே."

செண்பகம் மாதம் தவறாமல் கட்டினாள். ஐந்து வருஷத்தில் பணம் முதிர்ந்ததும் அரக்குப் பட்டோடு வந்து, "எல்லாம் உன் கடுதாசி குடுத்ததும்மா" என்று காலில் விழுந்தாள்.

கங்கையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு சாண் உட்டு வெச்சியாடி?"

"பாதிக்குமேல போஸ்டாபீசுலியே இருக்குதும்மா."

அதைக் கேட்ட பிறகுதான் புடவையின் மடிப்பைப் பிரித்தாள்.