அவளுடைய வாய்க்கு ஒரு வரி

சிறு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது காது போயிற்று. வலது காதிலும் பாதிதான் கேட்கும். கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது இதை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள், ஒலி பதியும் இடத்தில் செவிடனுக்கு என்ன வேலை? எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தே சமாளித்தேன். ஒலிப்பதிவாளரிடம் மட்டும் அது பலிக்காது. அவர் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டே பேசுவார்.

அன்று ஒரு குளியல் சவர்க்கார விளம்பரத்தைத் தமிழாக்கினோம். படம் வெளிநாட்டில் எடுத்தது. ஒரு வரி வரும் துண்டை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, இயந்திரத்தில் ஓடவிடுவது என் வேலை. அதே பெண் திரையில் திரும்பத் திரும்ப வந்து பேசுவாள். அவளோடு சேர்ந்து தமிழில் பேச வந்தவர் எங்கள் ஊர் கல்முனையின் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர்; வரியை எழுதியவரும் அவரே. பெண்குரலைப் பிறகு பதியலாம், முதலில் வரி பொருந்த வேண்டும்.

"இதுதான் எங்கள் வீட்டுச் சவர்க்காரம்."

அவள் தொடங்கும்போது தொடங்கினார், முடிக்கும்போது முடித்தார். ஆனாலும் ஒலிப்பதிவாளர் சரியில்லை என்று தலையாட்டினார். எங்கே பிழையென்று அவருக்கும் பிடிபடவில்லை.

"பதினஞ்சு தரம் கதைச்சாச்சு. இனி இந்தச் சவர்க்காரத்தால என்ர நாக்கத்தான் கழுவணும்," என்றார் மாஸ்டர்.

எனக்குப் பிழை முதல் சுற்றிலேயே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்பார்களே எனப் பயந்து, இருபது தடவை ஓடும்வரை சொல்லவில்லை. பிறகு மாஸ்டரின் தொண்டையை நினைத்து எழுந்துபோனேன்.

"மாஸ்டர், அவ உதட்ட மூடித்தான் தொடங்குறா. நடுவுல ரெண்டு தரம் மூடுறா. முடிக்கக்குள்ள பல்லுத் தெரியச் சிரிக்கிறா. நீங்க சவர்க்காரம் எண்டு மூடி முடிக்கிறீங்க."

மாஸ்டர் திரையைப் பார்த்தார். முணுமுணுத்துப் பார்த்தார். பென்சிலால் எழுதினார்: "பிள்ளைக்கும் சவர்க்காரம் இதானே!"

'பிள்ளைக்கும்' என்பதன் 'பி'யில் உதடு மூடியது. நடுவில் இரண்டு 'ம்'. கடைசியில் 'னே' என்று வாய் விரிந்தது. திரைப்பெண் முதல் தடவையாகத் தமிழ் பேசினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தம், ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்ச?" என்றார் மாஸ்டர்.

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "எனக்குக் காது சரியாக் கேக்கா, மாஸ்டர். வாயப் பாத்துத்தான் எல்லாம் விளங்கிக்கிற."

ஒலிப்பதிவாளர் தன் அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். என் பேச்சு ஒலிவாங்கி வழியாக அவருக்குப் போய்க்கொண்டிருந்ததை நான் மறந்திருந்தேன். அவர் எழுந்து வந்தார். இன்றோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

என் முன்னால் நின்று, சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அடுத்த வளையம் ரெடியா?"

"ஓம் சேர்," என்றேன்.