வரப்புக்கு அடியில் வந்த தண்ணீர்

காரைக்கால் கோர்ட்டுக்குப் பின்தெருவில், ஒரு மாடியறைதான் என் அலுவலகம். என் சீனியர் காலமான பிறகு நான் மட்டும்தான் அங்கே உட்கார்கிறேன். கட்சிக்காரர் யாரும் வராத பிற்பகல்களில், என் குரலையே நான் கேட்காமல் பொழுது போய்விடும். போன மாசியில் அப்படி ஒரு பிற்பகலில்தான் விழிதியூரிலிருந்து அந்த விவசாயி வந்தார். அறுபதைத் தாண்டியவர். மனைவி இல்லை, மகள் வெளியூரில். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"என் தம்பி என் வயல்ல அத்துமீறிட்டாம்மா. கேஸ் போடணும்."

"எப்ப வந்தாரு? எந்தப் பக்கமா நுழைஞ்சாரு?"

"அவன் எங்கம்மா வந்தான்? தண்ணிதான் வந்துருக்கு."

தம்பி தன் நிலத்தில், வரப்பை ஒட்டி மீன் குட்டை வெட்டியிருக்கிறார். அதில் தேங்கிய நீர் கசிந்து, சம்பா அறுப்புக்குப் பின் இவர் விட்டிருந்த உளுந்தை அழுக வைத்துக்கொண்டிருந்தது.

"வரப்ப வெட்டி விட்டாரா? மோட்டார் வச்சு உங்க வயல்ல இறைச்சாரா?"

"சேச்சே, அவன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்" என்றார் சட்டென்று.

அப்படியானால் இது அத்துமீறல் ஆகாது என்று விளக்கினேன். அவரே வந்து நின்றிருந்தாலோ, குழாய் போட்டு நேராக உங்கள் மண்ணில் தண்ணீரை விட்டிருந்தாலோ அது அத்துமீறல். அதற்கு நஷ்டம் எதையும் காட்ட வேண்டியதில்லை, அனுமதியில்லாமல் நுழைந்ததே போதும். இங்கே அவர் தன் நிலத்தில் ஒன்றைச் செய்கிறார், அதன் விளைவு மண்ணுக்குள் கசிந்து உங்களிடம் வந்து சேர்கிறது. சட்டத்தில் இதற்குத் தொல்லை என்று பெயர். பாதிப்பு எவ்வளவு என்று நாம் நிரூபித்தாக வேண்டும்.

அவருக்குத் திருப்தியில்லை. "அத்துமீறல்னே எழுதுங்களேன்."

"நடக்காதத எப்படிங்கய்யா எழுதுறது?"

மறுநாள் காலை நானே வயலைப் பார்க்கப் போனேன். வரப்பில் வெட்டு எதுவும் இல்லை. வரப்போரத்து உளுந்து மஞ்சளாகிக் கிடந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன், வேர் கறுத்துக் கையோடு வந்தது. வயலின் மறுகோடியில் செடிகள் பச்சையாகப் பூத்திருந்தன. குட்டைக் கரையில் நின்றிருந்த தம்பி எங்களைப் பார்த்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டார்.

பெரியவர் சேற்றில் குனிந்து எதையோ காட்டினார். ஒரு செருப்புத் தடம்.

"இது அவன் காலுதானேம்மா? வந்துருக்கான் பாருங்க."

பக்கத்தில் தன் காலை வைத்து எடுத்தார். இரண்டு தடமும் ஒன்றுபோல் இருந்தன. அவருடைய செருப்புதான்.

"எங்கம்மா கருமாதிக்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் கால் வச்சதில்ல" என்றார்.

அவர் ஏன் அத்துமீறல் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் தொல்லை என்றுதான் வழக்குப் போட்டேன். கோர்ட் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்த்து, கசிவையும் பயிர் அழிந்ததையும் அறிக்கையாகக் கொடுத்தார். விசாரணையில் தம்பியின் வக்கீல் எழுந்து, "என் கட்சிக்காரர் வாதியின் நிலத்தில் காலே வைக்கவில்லை" என்றார். "வைத்தார் என்று நாங்கள் சொல்லவே இல்லை" என்றேன். கசிவை அடைக்கும்வரை குட்டையில் தண்ணீர் தேக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. கோர்ட் வராந்தாவில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள்.

சித்திரையில் பெரியவர் மறுபடியும் படியேறி வந்தார். தம்பி குட்டையை வற்றவைத்து, களிமண் அடித்துக் கரையை இறுக்கி, வரப்போரம் கசிவு நீர் வடிய வாய்க்காலும் வெட்டிவிட்டாராம். வயல் காய்ந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது.

"எல்லாத்தையும் அவன் பக்கத்துலேருந்தே செஞ்சுட்டாம்மா" என்றார். "நான் தெனமும் வரப்புலதான் உக்காந்திருந்தேன். ஒரு சட்டி மண்ணு வேணும்னாகூட என் வயல மிதிக்காம சுத்திக்கிட்டுப் போனான்."

அவர் தயங்கிக் கேட்டார்.

"வராதன்னு சொல்ல கோர்ட்ல வழி இருக்கு. வந்துட்டுப் போன்னு சொல்ல எதாவது இருக்காம்மா?"

"இல்லைங்கய்யா."

தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. கீழே கடையில் இரண்டு டீ சொன்னேன். உளுந்து இந்த முறை போனது போனதுதான் என்றும், ஆனியில் குறுவை நெல் விடலாமா என்றும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு விவசாயம் தெரியாது. தெரிந்தவள்போல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.