ஐஸ் பெட்டிக்கு எந்தத் தமிழ்

ஐஸ் பெட்டி விற்கிற ஏஜென்சி எடுத்தபோது நான் பெட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், தமிழைப் பற்றி இல்லை. சென்னைக் கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். அதற்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் ஏஜென்சி பொன்னேரியில் ஒரு கடைக்குப் போய்விடும். ஏரிக்கரை மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்தில் என் வீட்டு முன்னறை முழுக்க, மீனை ஐஸ் போட்டு வைக்கும் நீலப் பெட்டி. நடக்கக்கூட வழியில்லை. என் வீட்டுக்காரர் தினமும் காலில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார், நான் பெட்டியைத் திட்டுவேன்.

கம்பெனியின் விளம்பரப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பையன் இருந்தான். போனில் மட்டுமே பழக்கம். "அக்கா, ரூல் ரொம்ப சிம்பிள். முப்பது வயசுக்குக் கீழ இருந்தா பேச்சுத் தமிழ், இன்ஸ்டாகிராம். நாப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா நல்ல எழுத்துத் தமிழ், வாட்ஸப். பெரியவங்களுக்கு மரியாதை வேணும்ல" என்றான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசுத் தட்டு, டம்ளர் எல்லாம் எனக்குத்தான். அந்தத் தமிழைக் காட்ட இத்தனை வருஷம் கழித்து ஒரு இடம் கிடைத்துவிட்டதே. வாட்ஸப்பில் மொத்தமாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் வீடு வீடாகப் போய்ப் படகு வைத்திருக்கும் பெரியவர்களின் போனில் என் எண்ணை நானே ஏற்றினேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

"மதிப்பிற்குரிய மீனவப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு. தாங்கள் பிடிக்கும் மீன், இறால், நண்டு ஆகியவை கெடாமல் காக்கும் பனிக்கட்டிப் பெட்டிகள் கோட்டைக்குப்பத்தில் வழங்கப்படுகின்றன. பயன்பெற விரும்புவோர் நேரில் அணுகவும்."

மூன்று தடவை படித்துப் பார்த்தேன். என்னையே மெச்சிக்கொண்டேன்.

இளசுகளுக்குப் போன பதிவைப் பையனே எழுதினான். அதற்குச் சிரிப்பும் நெருப்புமாக எமோஜிப் படங்கள் வந்து குவிந்தன. ஆனால் படகுக்கு என்ன வாங்குவது என்பதை இளசுகள் எங்கே முடிவு செய்கிறார்கள்? அப்பா சொன்னால்தான் நடக்கும். ஆக, என் பிழைப்பு அந்த நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் கையில் இருந்தது.

மறுநாள் காலையில் வாசலைத் திறந்தால் ஒரே கூட்டம். கை மாறிப் போன செய்தியைப் பார்த்துப் பசியாவரத்திலிருந்து படகேறி வந்தவர்கள்கூட இருந்தார்கள். அடித்தது யோகம் என்று பெட்டியைத் துடைக்க ஓடினேன். முதலில் நின்ற அம்மா, ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர், மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மீனவர் அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு.

"இன்னாத்துக்கும்மா இது?" என்றேன்.

"பொட்டி குடுக்கறாங்கனு வந்துச்சே. போட்டோ ரெண்டு போதுமா, மூணு வோணுமா?"

பின்னாலிருந்த ஒருவர், "கையெழுத்து எங்க போடணும்? விஏஓ வந்து கீறாரா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் அந்தத் தமிழில் யார் பேசுகிறார்கள்? புயல் எச்சரிக்கையும் நிவாரண அறிவிப்பும்தான் அப்படி வரும். 'வழங்கப்படுகின்றன' என்று கண்ணில் பட்டால் சர்க்கார் கொடுக்கிறது என்று அர்த்தம். இது கடை, காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கவரை மறுபடி மடியில் செருகிக்கொண்டார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஜெராக்ஸுக்கு நாஸ்தா காசு போச்சு" என்றார். எனக்கு மானம் போயிற்று. அவருக்கு இட்லி கொடுத்து அனுப்பினேன்.

பையனைப் போனில் பிடித்துக் காய்ச்சினேன். அவனும் அசரவில்லை. "அப்போ பெரியவங்களுக்கும் பேச்சுத் தமிழே போட்ருவோம்கா" என்றான். நானும் கோபத்தோடேயே உட்கார்ந்து, "இன்னா பெருசு, ஐஸ் எல்லாம் கரைஞ்சி தண்ணியா பூட்சா? நம்ம கடைக்கு வா, பொட்டி கீது" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மருமகள் வேலியோரம் வந்து நின்றாள். சுண்ணாம்புக்குளத்துப் பெண், வாக்கப்பட்டு வந்து இரண்டு வருஷம். அவள் மாமனார் எங்கள் குப்பத்தில் பெரிய கை. அவர் ஒன்று வாங்கினால் பத்துப் பேர் வாங்குவார்கள். அவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. போனில் என்ன வந்தாலும் மருமகளிடம் நீட்டிவிடுவார், அவள் படிக்க வேண்டும். அது தவிர அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது சோறு, தண்ணி அளவோடு சரி.

"அக்கா, இன்னாக்கா இப்டி எழுதிட்டே? மாமா மூஞ்சப் பாத்து 'இன்னா பெருசு'னு நான் எப்டிப் படிப்பேன்? ஒண்ணுமில்ல மாமா, கடை விளம்பரம்னு சொன்னேன். அவரு, இவ இன்னாவோ மறைக்கறானு மொறைச்சிக்கினு கீறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மற்ற வீடுகளிலும் விசாரித்தேன். முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். செய்தி போவது ஐம்பது வயது ஆளுக்கு, அதை வாய்விட்டுப் படிப்பது இருபத்திரண்டு வயது மருமகளோ மகளோ. அந்தப் பையனின் வயதுக் கணக்கில் இந்தப் பெண்கள் எங்கேயுமே இல்லை.

மறுநாள் அவளையே பக்கத்தில் உட்கார வைத்து எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவள் சத்தமாகப் படிக்க வேண்டும், நாக்கு கூசினால் அந்த வரி போச்சு. 'தாங்கள்' என்ற சொல்லுக்கு அவளே சிரித்துவிட்டாள், அது போயிற்று. கடைசியில் நின்றது இதுதான்: "ஏலத்துக்கு வர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடுதுங்களா? மீன் வாடிப் போனா வெல கொறைச்சிக் கேக்கறாங்களா? நம்ம கடையில பொட்டி இருக்குது, வந்து பாருங்க." அதற்குக் கீழே பெட்டியின் அளவு, விலை, எத்தனை மாதம் கேரண்டி, இது கடை, அரசுத் திட்டம் இல்லை என்பதெல்லாம் சாதாரண எழுத்துத் தமிழில், சின்னச் சின்ன வரியாக. விலையிலும் கேரண்டியிலும் விளையாட்டு கூடாது, நாளைக்குச் சண்டைக்கு வருவார்கள்.

வாசலில் மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது, இந்தத் தடவை ஜெராக்ஸ் இல்லாமல். ஏஜென்சி பொன்னேரிக்குப் போகவில்லை. பையன் போன் செய்து, "அக்கா, இந்தப் பதிவு எந்த ஏஜ் குரூப்புக்கு எழுதினது? ஷீட்ல போடணும்" என்று கேட்டான். மருமகள்களுக்கு என்றேன். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லையாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் ஒரு வாரம் வரவில்லை. பிறகு ஒரு காலையில் தலைத்துண்டோடு வந்து நின்றார். பெட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. பெரியதாக ஒன்று எடுத்து வை என்றார்.

"மெசேஜ் பாத்தீங்களா நைனா?" என்றேன்.

"மெசேஜா? அதெல்லாம் நான் எங்க பாத்தேன்" என்றார். "என் மருமவ கேட்டா. ஏலத்துக்கு வர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடுதுங்களா, மீன் வாடிப் போனா வெல கொறைச்சிக் கேக்கறாங்களானு. ரெண்டு வருசத்துல அந்தப் பொண்ணு என் தொழிலப் பத்தி வாயத் தொறந்து கேட்டது அதான் மொத தபா."

அது நான் எழுதியது என்று நான் சொல்லவில்லை. பெட்டியை அவர் தோளில் ஏற்றிவிட்டேன்.