இரண்டு வேங்கியும் இடது கைப் பீமாவும்

ஸ்டாடிக் ஜி.கே. என்று பெயர் வைத்தவர் எங்கள் பக்கம் வந்திருக்கவே மாட்டார். ஆறு, மலை, கணவாய், அரச வம்சம், தலைநகரம் என்று மாறாத விஷயங்களுக்குத்தான் அந்தப் பெயர். ஒருமுறை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்கள். நான் ஆந்திராவின் பதிமூன்று மாவட்டங்களுக்கும் பார்டர் போட்டு, கலர் அடித்து ஓர் அட்டவணை வைத்திருந்தேன். அது ஒரே நாளில் இருபத்தாறு ஆனது. நான் வாழ்க்கைப்பட்ட வடமாலபேட்டையே சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. வீட்டுவாசலில் கோலம் அதே இடத்தில்தான் இருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துப்போட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் எனக்குத் தாளும் குறைவு, நாளும் குறைவு. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் கம்பெனி லைனில் நின்றுகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு குரூப்-2 பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்திருந்தேன். வீட்டில் யாரும் என்னைத் துரத்தவில்லை. "இந்த ப்ரிலிம்ஸ் தாண்டலன்னா நானே மறுபடி கம்பெனி பஸ் ஏறிடறேன்" என்று வீட்டுக்காரரிடம் வாயை விட்டது நான்தான். அவர் அதே ஸ்ரீசிட்டியில் வேறு கம்பெனியில் வேலை. "சரிமே, படி" என்றார், அவ்வளவுதான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. அந்தக் கண்ணாடி ஷெட்டில், தலையில் தொப்பியும் காலில் உறையுமாக, நாள் முழுக்க ஒரே திருகாணியைத் திருகிக்கொண்டு இனி நிற்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

தினமும் காலையில் பஸ் பிடித்துத் திருப்பதி நூலகத்துக்குப் போவேன். அங்கே ஜன்னலோர மேஜையில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்காருவாள். பிச்சாட்டூர்க்காரி, என்னைவிட ஆறேழு வயது சின்னவள், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பல நாள் இரண்டு பேரும் தெலுங்கிலேயே பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மின்விசிறி நின்றதும் அவள் "இன்னாடா இது ரோதனை" என்று எங்கள் ஊர்த் தமிழில் முனகினாள். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

அவளுக்குச் சரித்திரம் என்றால் சர்க்கரை. எனக்கு பூகோளம். ப்ரிலிம்ஸில் இரண்டுக்கும் முப்பது முப்பது கேள்வி வரும். "எதுக்கு ரெண்டு பேரும் ரெண்டையும் படிக்கணும்? நீ சரித்திரத்த டேபிள் போடு, நான் பூகோளத்தப் போடறேன். கடைசி மாசம் ஜெராக்ஸ் எடுத்து மாத்திக்கலாம்" என்றேன். யோசனை சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, எனக்கு நானே ஒரு அதிகாரி மாதிரி தோன்றினேன்.

அட்டவணை போடுவதில் ஒரு ருசி இருக்கிறது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். முதலில் பாடத்தைப் படித்து ஒரு பக்கம் குறிப்பு எழுதுவோம். அந்தப் பக்கத்தைக் கட்டங்களாக மாற்றுவோம். கேள்வியாக வரக்கூடியது இடது ஓரக் கட்டத்தில், பதில் வலது ஓரக் கட்டத்தில். பதிலை அட்டையால் மூடிக்கொண்டு இடதுபக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும், அப்புறம் திருப்பி வலதை வைத்து இடதைச் சொல்ல வேண்டும். நன்றாகத் தெரிந்துவிட்டதை அடுத்த முறை எழுதும்போது விட்டுவிடுவோம். இப்படியே எழுதி எழுதி, ஓர் அத்தியாயம் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். யாருடையது சின்னது என்று இரண்டு பேருக்கும் போட்டியே வந்துவிட்டது. நான் கிருஷ்ணா நதியை, உற்பத்தி, துணையாறுகள், அணைகள் எல்லாம் சேர்த்து, ஆறே வரிக்குள் அடக்கினேன். அவள் சாதவாகனர்களுக்குப் பின்னால் ஆந்திராவை ஆண்ட வம்சங்கள் அத்தனையையும் ஒரு பஸ் டிக்கெட் அகலத்துக்குள் போட்டுக் காட்டினாள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பேசிவைத்திருந்தபடி கடைசி மாதம் மாற்றிக்கொண்டோம். இரண்டு வாரம் அவள் தாள்களை நான் உருப்போட்டேன். என் தாள்களை அவள். பிறகு கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு எழுதினோம்.

மார்க் வந்தது. பூகோளத்தில் எனக்கு இருபத்துநாலு, சரித்திரத்தில் ஒன்பது. அவளுக்கு அப்படியே தலைகீழ். தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், அதையும் கழித்தால் என் சரித்திரத்தில் மிஞ்சியது ரொம்பக் கேவலம். பாதிக் கிணறு தாண்டியவளின் கதை என்னாகும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது.

டீக்கடையில் நின்று தாள் தாளாக எடுத்து வைத்துப் பார்த்தோம். சாலங்காயனர் வரியில் தலைநகரம் என்ற கட்டத்தில் அவள் "வேங்கி ×2" என்று எழுதியிருந்தாள். கீழைச் சாளுக்கியர் வரியில் தலைநகரக் கட்டம் காலி.

"நீ ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக்கீறன்னு நெனச்சேன். ரெண்டு தடவ இன்னா, நாலு தடவ படிச்சேன்" என்றேன். "சாளுக்கியருக்கு தலைநகரம் தெரியலபோல, அதான் விட்டுட்டன்னு நெனச்சேன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வம்சத்துக்கும் அதே வேங்கிதான்க்கா. அதான் இன்ட்டு டூ. ஒருவாட்டி எழுதினதைக் கீழ ஏன் எழுதணும்னு விட்டுட்டேன்."

பிறகு என் தாளை நீட்டினாள். கிருஷ்ணாவின் துணையாறுகளில் பீமா, மூசி பக்கத்தில் நான் இடதுபக்க அம்புக்குறி போட்டிருந்தேன். துங்கபத்ரா பக்கத்தில் வலதுபக்க அம்பு. இடது கரையில் வந்து சேர்வது, வலது கரையில் வந்து சேர்வது என்று அர்த்தம். அவளோ மேப்பில் இடது என்றால் மேற்கு என்று எடுத்துக்கொண்டு, நர்மதை, தபதியோடு பீமாவையும் சேர்த்து அரபிக்கடலுக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

"அம்புக்குறின்னா அந்தப் பக்கம் போவுதுன்னுதானே அர்த்தம்? போர்டைப் பாத்துத்தானே பஸ் ஏறுவோம்?" என்றாள்.

"போட்டவளக் கேட்டிருக்கலாமே."

"நீ கேட்டியா?"

அன்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். புத்தகத்தைப் படிக்காமல் அவள் தாளை மட்டும் படித்தது யார் என்று வீடு வந்து சேர்ந்தபின்தான் உறைத்தது. பாடத்தைப் படித்தவளுக்கு அந்தக் கட்டம் ஒரு கதவு. படிக்காதவளுக்கு வெறும் கட்டம். ஏட்டுச் சுரைக்காயைக்கூட நாங்கள் ஜெராக்ஸ் எடுத்துத்தான் வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போவதாகச் சொல்லி போன் செய்தாள். "நீயும் வாக்கா. நைனா கோழி அடிக்கப்போறாரு. துன்னுட்டு, அந்த அம்பு விஷயத்த எனக்குச் சொல்லிடு." அவ்வளவுதான் சமாதானம். எனக்கும் அதற்குமேல் தேவைப்படவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பிச்சாட்டூர் அணைக்கரை மேல் நடந்தோம். ஆரணி ஆறு அங்கிருந்து கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் போகிறது. அவளைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "தண்ணி போற பக்கம் பார்த்து நில்லு" என்றேன். நின்றாள். "இப்ப உன் இடது கை எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"கிருஷ்ணாவும் இப்படித்தான் கிழக்கால போவுது. நீ கிருஷ்ணா. உன் இடது கைப்பக்கம் வந்து சேர்றவங்க பீமா, மூசி. வலது கைப்பக்கம், தெற்கால இருந்து வர்றது துங்கபத்ரா."

அவள் இரண்டு கையையும் விரித்து நின்று, ஒவ்வொரு ஆறாக வாங்கிக்கொண்டாள். கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு அவள் வேங்கியைச் சொன்னாள். ஏலூர்ப் பக்கத்து ஊர் அது. முதலில் சாலங்காயனர் அங்கே இருந்து ஆண்டார்கள். அவர்கள் போய், விஷ்ணுகுண்டினர் காலமும் போய், பாதாமிச் சாளுக்கியரின் கிளையான கீழைச் சாளுக்கியர் வந்து அதே ஊரில் உட்கார்ந்தார்கள். "ஒரு குடித்தனம் காலி பண்ணிப் போச்சு, கொஞ்ச நாள் கழிச்சு வேற குடித்தனம் வந்துச்சு. வீடு ஒண்ணுதான்க்கா." எனக்கு அது அப்படியே பதிந்துவிட்டது. சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் வேலை முறையே மாறியது. நூலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் காலையில் ஒருத்தி வாயால் சொல்வாள், மற்றவள் புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடிப் படிப்பாள். மத்தியானம் கேட்டவள் தன் கையாலேயே, தன் அடையாளங்களோடு அட்டவணையைப் புதிதாகப் போடுவாள். மறுநாள் வெறும் கட்டங்களை மட்டும் கோடு போட்டு வைத்துக்கொண்டு, பார்க்காமல் நிரப்புவாள். சொன்னவள் திருத்துவாள். எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை. பொருத்துக என்று கேட்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை தைரியமாக விட்டோம். என் அட்டவணைகள் பெரிதாயின. அவளுடையதும்தான். யாரும் போட்டி போடவில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவளுக்குச் சொல்லிச் சொல்லி என் பூகோளத்தில் இருந்த ஓட்டைகள் எனக்கே தெரிந்தன. கணவாய்களை வரிசையாக ஒப்பிப்பேன். எது எந்த மாநிலம் என்று நடுவிலிருந்து கேட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். நாதுலா சிக்கிம், ஷிப்கிலா இமாசலம் என்று தனித்தனியாகக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டது அவள் கேள்விகளால்தான்.

இரண்டு பேருக்கும் சென்டர் சித்தூரில், வேறு வேறு கல்லூரி. ஹால் டிக்கெட் நம்பரை ஒருத்திக்கொருத்தி சொல்லி வைத்திருந்தோம். வம்சங்களையும் தலைநகரங்களையும் பொருத்தச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. இக்ஷ்வாகுவுக்கு விஜயபுரி, ஆனந்த கோத்திரிகருக்குக் கந்தரபுரம், இரண்டும் பளிச்சென்று வந்தன. அந்த இரண்டும் சேர்ந்திருந்தது ஒரே ஒரு விடையில்தான். மற்ற இரண்டையும் பார்க்காமலேயே கட்டத்தைக் கறுப்பாக்கினேன். வெளியே பஸ் நிலையத்தில் பார்த்தபோது அவள் சொன்னாள்: "துணையாறு வந்துச்சுக்கா. நாற்காலியிலயே கிழக்கால திரும்பி உக்காந்துட்டேன். மேடம் வந்து இன்னா ஆச்சும்மான்னு கேட்டாங்க."

முடிவு வந்த அன்று நான் வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கோச்சிங் சென்டர் வாட்ஸ்அப் குரூப்பில் பி.டி.எஃப். வந்து விழுந்தது. பெயர் கிடையாது. பக்கம் பக்கமாக ஹால் டிக்கெட் நம்பர் மட்டும்தான். கையைக்கூடக் கழுவாமல் தேடினேன். நம்பரைக் கண்டதும் அவளுக்கு போன் போட்டேன், லைன் பிஸி. அவள்தான் எனக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, இருக்குதுக்கா" என்றாள் எடுத்தவுடன், அழுகையும் சிரிப்புமாக.

"தெரியும், பாத்துட்டேன். உன் நம்பர் மூணாவது பக்கத்துல கீழ இருக்குது."

"என்னுதா?" என்றாள். "நான் என்னுத இன்னும் பாக்கலியேக்கா. உன்னுததான் பாத்தேன். உன்னுது ரெண்டாவது பக்கத்துல இருக்குது."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது, என் நம்பரை நான் தேடவே இல்லை. மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு நான் மட்டும்தான் போவணும்" என்றார். மறுநாள் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, மெயின்ஸுக்குப் படிக்க நூலகத்து பஸ்ஸைப் பிடித்தேன்.